பேட்டரியின் எஸ்.ஓ.எச்.: கொள்ளளவு ஒன்று சொல்கிறது, உள் மின்தடை வேறொன்று சொல்கிறது, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்.ஓ.எச். என்பது ஸ்டேட் ஆஃப் ஹெல்த், அதாவது புதிதாக இருந்த நிலையோடு ஒப்பிட்டால் பேட்டரி இப்போது எந்த அளவுக்கு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம். மின்சார ஸ்கூட்டர் பேக்குகளைச் சோதிக்கும் இடங்களில் அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. குழப்பம் வராமலிருக்கப் பெரும்பாலான பதில்களில் ஒரே வகை பேக்கை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறோம்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையான எல்.எஃப்.பி. செல் 16 தொடராக, 51.2 வோல்ட், 30 ஆம்பியர்-மணி. புதிதாக இருந்தபோது அதன் உள் மின்தடை 25 டிகிரியில் 60 மில்லியோம் என்று வைத்துக்கொள்கிறோம். அதில் செல்களின் பங்கு 48 மில்லியோம்; இணைப்புப் பட்டைகள், செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ்., கேபிள் எல்லாம் சேர்ந்து 12. உங்கள் பேக்கின் எண்கள் வேறாக இருக்கும்; கணக்குப் போடும் முறை இதுவேதான்.

எஸ்.ஓ.எச்.னு சொல்றாங்களே, அது 100ல இருந்து எதுவரைக்கும் இறங்கும்?

வழக்கமாகச் சொல்லப்படுவது கொள்ளளவை வைத்து. இப்போது முழுச் சார்ஜில் எத்தனை ஆம்பியர்-மணி கொடுக்கிறது என்பதைப் புதிதில் இருந்த அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. 30 கொடுக்க வேண்டிய பேக் 24.6 கொடுத்தால் 82%.

இந்த எண் பூஜ்யம் வரை போவதில்லை. வண்டிக்கான பேட்டரியில் 80% வந்தாலே ஆயுள் முடிந்ததாகக் கொள்வது தொழிலில் நெடுநாள் வழக்கம். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் அந்த இடத்தைத் தாண்டியபின் தேய்மானம் சட்டென்று வேகமெடுக்கும் செல்கள் உண்டு. ஆகவே நடைமுறையில் இந்த அளவுகோலின் நீளம் 100 முதல் 80 வரை, வெறும் 20 புள்ளிதான்.

ரெசிஸ்டன்ஸ வச்சும் எஸ்.ஓ.எச். சொல்றாங்களே, அது எப்படி?

பேட்டரி பழசாக ஆக அதன் உள் மின்தடை ஏறும். புதிதில் எவ்வளவு, எவ்வளவு ஏறினால் வேலைக்கு ஆகாது என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொண்டு, இப்போது அந்தப் பாதையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலோர் இரண்டு மடங்கை எல்லையாக வைப்பார்கள். நம் பேக்குக்கு அது 120 மில்லியோம்.

```
SOH_C = C_now / C_new × 100
SOH_R = (R_end − R_now) / (R_end − R_new) × 100
```

இப்போது 70 மில்லியோம் இருந்தால், (120 − 70) ÷ (120 − 60), அதாவது 83%. எல்லை என்று எதை வைத்தோமோ அந்த இடத்தில் இது பூஜ்யமாகிவிடும் என்பதைக் கவனியுங்கள். அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

ஒரு கடையில கெபாசிட்டி பார்த்து 82னு சொன்னாங்க, இன்னொரு கடையில ரெசிஸ்டன்ஸ் பார்த்து 83னு சொன்னாங்க. ரெண்டும் ஒத்துப்போகுது, பேட்டரி நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயல். கொள்ளளவு அளவுகோல் 80இல் முடிகிறது, மின்தடை அளவுகோல் 0இல் முடிகிறது. முன்னதில் 82 என்றால் இருந்த 20 புள்ளியில் 18 போய்விட்டது. பின்னதில் 83 என்றால் ஆறில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கிறது.

கொள்ளளவையும் அதே வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். புதிது 30, எல்லை 24, இப்போது 24.6. மீதம் 0.6ஐ 6ஆல் வகுத்தால் 10%. ஒரே பேட்டரி, மின்தடைப்படி 83%, கொள்ளளவுப்படி 10%. ஒத்துப்போவதாகத் தெரிந்த இரண்டு எண்கள் உண்மையில் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

மின்தடை எண்ணிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. எல்லையை இரண்டு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்காக, 90 மில்லியோமாக, வைத்தவருக்கு அதே 70 மில்லியோம் 67% ஆகிவிடும். புதியதைப் பழையதால் வகுத்து 60 ÷ 70 என்று போடுபவருக்கு 86%. மூவரும் சரியாகவே அளந்திருப்பார்கள். அதனால் மின்தடை எஸ்.ஓ.எச். என்று யாராவது சதவீதம் சொன்னால் மில்லியோமைக் கேளுங்கள், எல்லை எது என்றும் கேளுங்கள். அந்த இரண்டும் இல்லாத சதவீதத்தை வேறொன்றோடு ஒப்பிடவே முடியாது.

சரி, கெபாசிட்டிய ஒழுங்கா எப்படி அளக்கறது? வண்டிய ஓட்டிப் பார்த்தா போதாதா?

ஓட்டிப் பார்த்தால் வருவது கிலோமீட்டர். அதில் காற்று, டயர் அழுத்தம், ஆள் எடை எல்லாம் கலந்திருக்கும். அளக்க வேண்டுமானால் பேக்கைக் கழற்றி, மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் எலக்ட்ரானிக் லோடில் போட வேண்டும்.

58.4 வோல்ட்டில் (செல்லுக்கு 3.65) சார்ஜ் செய்து, மின்னோட்டம் 1.5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும்வரை விடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா கிடக்கட்டும். பிறகு 6 ஆம்பியரில், அதாவது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், இறக்குங்கள். பேக் 44 வோல்ட்டைத் தொட்டாலோ எந்த ஒரு செல்லாவது 2.5 வோல்ட்டைத் தொட்டாலோ நிறுத்திவிட வேண்டும். புதிய பேக் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். 4 மணி 6 நிமிடத்தில் நின்றால் 24.6 ஆம்பியர்-மணி.

நின்ற அந்த நொடியில் 16 செல்லின் வோல்ட்டேஜையும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் மொத்த ஆம்பியர்-மணியை மட்டும் குறித்துக்கொண்டு லோடைக் கழற்றிவிடுகிறார்கள். எந்தச் செல் முதலில் விழுந்தது என்பதுதான் பின்னால் காரணம் கண்டுபிடிக்க உதவும் தகவல், அது அந்த நொடியில் மட்டுமே கிடைக்கும்.

ரெசிஸ்டன்ஸ் அளக்கறதுக்கு அஞ்சு மணி நேரமெல்லாம் வேண்டாம்ல?

வேண்டாம். ஆனால் முன்னேற்பாடு வேண்டும். பேக்கைப் பாதிச் சார்ஜுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஓய்வில் விடுங்கள். வெப்பநிலை 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 6 ஆம்பியரை 10 நொடி இழுத்து, அந்தக் கடைசி நொடியில் வோல்ட்டேஜைக் குறியுங்கள். உடனே 30 ஆம்பியருக்கு ஏற்றி இன்னொரு 10 நொடி கழித்து மறுபடி குறியுங்கள். முதலில் 52.28, பிறகு 50.60 வந்தால்:

```
R = (52.28 − 50.60) / (30 − 6) = 0.070 Ω
```

வோல்ட்டேஜை எடுக்கும் கம்பி, மின்னோட்டம் போகும் கம்பியோடு சேரக் கூடாது. தனியாக பேக்கின் முனையில் தொட வேண்டும். லோடின் உள்ளே காட்டும் வோல்ட்டேஜை எடுத்தால் கேபிளின் மின்தடையும் கணக்கில் வந்துவிடும். 60 மில்லியோம் அளக்கும் இடத்தில் 10 மில்லியோம் கேபிள் பெரிய பிழை.

செல் மேல வச்சா உடனே மில்லியோம் காட்டற மீட்டர் இருக்கே, அத வச்சு பார்த்தா என்ன?

பார்க்கலாம், ஆனால் அது அளப்பது வேறு. அந்த மீட்டர்கள் நொடிக்கு 1000 தடவை மாறும் சிறிய மாறுமின்னோட்டத்தை அனுப்புகின்றன. அவ்வளவு வேகத்தில் எலக்ட்ரோலைட், உலோகத் தகடு, முனை இவற்றின் மின்தடை மட்டும்தான் தெரியும். லித்தியம் அயனி மின்முனைக்குள் நுழையும்போதும் அதற்குள் பரவும்போதும் ஏற்படும் தாமதம் அதற்குப் பிடிபடாது. 10 நொடி இழுத்துப் பார்த்தால் அதுவும் சேர்ந்து வரும். அதனால் அதே செல்லுக்கு மீட்டர் 1.2 என்று காட்டுவதும் 10 நொடிச் சோதனை 3 என்று காட்டுவதும் சாதாரணம்.

இங்கேதான் நல்ல பேட்டரியைக் கெட்டது என்று சொல்லும் தவறு அதிகம் நடக்கிறது. செல் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் எண்தான் இருக்கும். அதைப் ‘புதிது’ என்று எடுத்துக்கொண்டு, தாங்கள் 10 நொடிச் சோதனையில் பார்த்ததை ‘இப்போது’ என்று வைத்தால், கடையிலிருந்து இன்று வந்த செல்கூட இரண்டரை மடங்கு ஏறியதாகத் தெரியும். ஐ.இ.சி. 61960 தரநிலை இரண்டு முறைகளையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அதன் நேர்மின்னோட்ட முறையில் இரண்டாவது படி 1 நொடிதான். நாம் 10 நொடி வைப்பதற்குக் காரணம், வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி வேகமெடுக்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது என்பது. எந்த முறை என்றாலும் புதிய அளவும் பழைய அளவும் ஒரே முறையில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

காலையில பார்த்தா ஒரு அளவு, மத்தியானம் பார்த்தா ஒரு அளவு. பேட்டரி அதுக்குள்ள பழசாயிடுமா?

வெப்பநிலைதான் காரணம். குளிரில் அயனிகள் மெதுவாக நகரும். பல எல்.எஃப்.பி. செல்களில் 10 டிகிரியில் 10 நொடி மின்தடை 25 டிகிரியில் இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ போகும். மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியில் அளந்தால் எதிர்த் திசையில் போய், எஸ்.ஓ.எச். 100ஐத் தாண்டியும் வரும். மெதுவாக இறக்கி அளக்கும் கொள்ளளவில் இந்த ஆட்டம் இல்லை. அதே மாற்றத்துக்கு அது சில சதவீதம்தான் நகரும். இரண்டு எண்களும் முரண்படும்போது முதலில் பார்க்க வேண்டியது தெர்மாமீட்டரை.

சார்ஜ் அளவும் விளையாடும். 20 சதவீதத்துக்குக் கீழே மின்தடை மளமளவென்று ஏறும். பாதிச் சார்ஜில் அளக்கச் சொன்னது அதனால்தான்.

கெபாசிட்டி விழுந்துடுச்சு, ரெசிஸ்டன்ஸ் மட்டும் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கு. எப்படி?

மேலே பார்த்த 82%, 70 மில்லியோம் பேக் இதற்கு உதாரணம். எல்.எஃப்.பி. செல்களில் இது அடிக்கடி காணும் நிலை. கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். அது வளர வளர லித்தியத்தைத் தின்னும். தின்னப்பட்ட லித்தியம் மறுபடி ஓட்டத்துக்கு வராது, அதனால் ஆம்பியர்-மணி குறையும். ஆனால் அந்தப் படலம் இன்னும் மெல்லியதாகவே இருப்பதால் மீதமிருக்கும் லித்தியம் போய்வரப் பெரிய தடை இல்லை. முழுச் சார்ஜில் வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இப்படித்தான் ஆகும், அதிகம் ஓடியிருக்கவே வேண்டாம்.

ஆனால் எல்லாமே வயதால் வருவதில்லை. செல்கள் சமநிலை தவறியிருந்தாலும் கொள்ளளவு விழும், மின்தடை அசையாது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 3 ஆம்பியர்-மணி பின்தங்கி நின்றால், மற்ற 15 செல்கள் நிரம்பியதும் சார்ஜ் நின்றுவிடும். இறங்கும்போது அந்த ஒரு செல் முதலில் காலியாகிப் பேக்கையே நிறுத்திவிடும். 10% போய்விட்டதாகத் தெரியும், உண்மையில் ஒரு செல்லும் கெடவில்லை.

பிரித்தறிய, இறக்கி முடித்த நொடியில் குறித்த செல் வோல்ட்டேஜ்களை எடுங்கள். 16 செல்லும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழுந்திருந்தால் வயதுதான். ஒரு செல் 2.5இல் இருக்க மற்றவை 3.1, 3.2இல் நின்றால், சார்ஜ் முடியும்போது அதே செல்லைப் பாருங்கள். மேலேயும் அதுவே முதலில் 3.65ஐத் தொட்டால் அந்தச் செல்லின் கொள்ளளவே குறைந்துவிட்டது, மாற்ற வேண்டும். கீழே முதலில் விழுந்த செல் மேலே கடைசியாக வந்தால் சமநிலைதான் தவறியிருக்கிறது. பி.எம்.எஸ். 0.1 ஆம்பியரில் சமன் செய்வதானால் 3 ஆம்பியர்-மணியைச் சரிக்கட்ட 30 மணி நேரம் ஆகும். செல் வோல்ட்டேஜ் மேலே ஏறிய பிறகுதான் பல பி.எம்.எஸ். அந்த வேலையையே தொடங்கும். தினமும் 80 சதவீதத்தில் பிடுங்கும் வண்டியில் அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

எனக்கு அப்படியே தலைகீழ். கெபாசிட்டி எஸ்.ஓ.எச். 95% வருது, ரெசிஸ்டன்ஸ் எஸ்.ஓ.எச். 60%தான் வருது. மேட்டுல வண்டி இழுக்க மாட்டேங்குது. பேட்டரிய மாத்தணுமா?

மாற்றுவதற்கு முன்னால் ஸ்பேனரை எடுங்கள். கொள்ளளவு 28.5 ஆம்பியர்-மணி, மின்தடை 84 மில்லியோம் என்று வைத்துக்கொள்வோம். 24 மில்லியோம் கூடியிருக்கிறது. அது 16 செல்லிலும் பரவியிருக்கிறதா, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

30 ஆம்பியர் இழுத்துக்கொண்டே மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு செல் முனைக்கும் அதன் மேல் இருக்கும் இணைப்புப் பட்டைக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். ஒரு முள்ளை முனையின் உலோகத்திலும் மற்றதைப் பட்டையிலும் வைக்க வேண்டும், நட்டின் மேல் வைக்கக் கூடாது. நல்ல இணைப்பில் 3, 4 மில்லிவோல்ட் வரும். ஓரிடத்தில் 450 வந்தால் அந்த ஓர் இணைப்பே 15 மில்லியோம். 30 ஆம்பியரில் 13.5 வாட் வெப்பம் அங்கே கிளம்புகிறது, 60 ஆம்பியரில் 54 வாட். பட்டையின் நிறம் மாறியிருப்பதும் பக்கத்துப் பிளாஸ்டிக் இளகியிருப்பதும் கண்ணுக்கே தெரியும். லோடை நிறுத்திய உடனே தொட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், சுட்டுவிடும்.

லோடைக் கழற்றி, மோதிரம் வாட்சை எடுத்துவிட்டு, கைப்பிடியில் மின்காப்பு போட்ட ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். முனையிலும் பட்டையிலும் இருக்கும் ஆக்சைடு படலத்தைத் தேய்த்து எடுத்துத் துடைத்துவிட்டு, செல் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அலுமினிய முனையில் கைபலத்துக்கு இறுக்கினால் மரை போய்விடும், பிறகு செல்லையே மாற்ற வேண்டிவரும். மறுபடி அளந்தால் 84 போய் 69 வரும், எஸ்.ஓ.எச். 60இலிருந்து 85க்கு ஏறிவிடும். கொள்ளளவு அதே 28.5தான். மீதமுள்ள 9 மில்லியோம்தான் செல்களின் உண்மையான வயது.

இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்து, செல்லின் இரு முனைக்கும் நேராக அளக்கும்போதே மின்தடை கூடியிருந்தால் அது திரும்பாது. எலக்ட்ரோலைட் சிதைந்து வற்றுவது, வாயு சேர்ந்து செல் உப்பித் தகடுகள் விலகுவது, நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையான என்.எம்.சி. செல்லில் நேர்மின்முனைத் துகள்களின் மேற்பரப்பு மாறிப்போவது ஆகியவை அதற்கான காரணங்கள். உப்பிய செல்லை அழுத்திக் கட்டி ஓட்டப் பார்க்காதீர்கள்.

ரெசிஸ்டன்ஸ் ஏறினா கெபாசிட்டியும் குறைஞ்ச மாதிரிதானே காட்டும்? அப்புறம் எப்படி ரெண்டும் வேற வேற?

எவ்வளவு மின்னோட்டத்தில் இறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மின்தடை 120 மில்லியோமுக்கு ஏறிய பேக்கை 6 ஆம்பியரில் இறக்கினால் உள்ளே விழும் வோல்ட்டேஜ் 0.7தான். 44 வோல்ட் எல்லையை அது ஏறக்குறைய அதே இடத்தில்தான் தொடும், கொள்ளளவு முழுதாகத் தெரியும். அதே பேக்கை 60 ஆம்பியரில் இழுத்தால் 7.2 வோல்ட் விழும். 10% சார்ஜில் ஓய்வில் 51 வோல்ட் இருக்கும் பேக் அப்போது 43.8க்கு இறங்கி, கன்ட்ரோலர் வண்டியை நிறுத்திவிடும். புதிய பேக்காக இருந்தால் 3.6 வோல்ட்தான் விழுந்திருக்கும், 47க்கு மேல் நின்றிருக்கும்.

‘10% காட்டுது, மேம்பாலத்துல ஏறும்போது நின்னுடுச்சு, ஓரமா அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு மெதுவா ஓட்டினா வீடு வரைக்கும் வந்துடுச்சு’ என்று சொல்லும் வண்டிகளின் கதை இதுதான். அந்த 10% பொய்யில்லை. உள்ளே இருக்கிறது, ஆனால் வேகமாக எடுக்க முடியவில்லை. வேகமாக இறக்கி அளந்தவரின் கொள்ளளவு எண்ணில் மின்தடையும் கலந்திருக்கிறது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். தூய கொள்ளளவு வேண்டுமானால் மெதுவாக இறக்கியே ஆக வேண்டும்.

பேக்குல ஒரே ஒரு செல் போயிருந்தா எந்த நம்பர்ல தெரியும்?

செல்கள் இணையாகவும் இருக்கும் பேக்கில் இது நன்றாக விளங்கும். சிறிய உருளைச் செல்களால் ஆன 14 தொடர், 10 இணை என்.எம்.சி. பேக் ஒன்றை எடுப்போம். ஒரு குழுவில் ஒரு செல்லின் நிக்கல் பட்டை விட்டுப்போனால் அந்தக் குழுவில் 9 செல்தான் வேலை செய்யும், கொள்ளளவு 10% குறையும். தொடரில் பலவீனமான குழுதான் மொத்தத்தையும் முடிவு செய்யும் என்பதால் பேக்குக்கே 10% போனது. மின்தடையோ அந்த ஒரு குழுவில் 11% ஏறும். அது 14இல் ஒன்று, ஆக பேக்கின் மொத்த மின்தடையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மீட்டரின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும்.

கொள்ளளவைக் கீழ்மட்டச் செல் தீர்மானிக்கிறது, மின்தடை எல்லாவற்றின் கூட்டல். பேக் அளவில் இரண்டு எண்களும் முரண்படுவதற்கு இதுவே பெரிய காரணம். குழு வாரியாக மின்தடை பார்த்தால் 11% கண்ணில் படும்.

ஆப்புல பி.எம்.எஸ். ஒரே ஒரு எஸ்.ஓ.எச். காட்டுதே, அது எது?

பெரும்பாலும் கொள்ளளவு. ஆனால் ஐந்து மணி நேரம் இறக்கி அளந்த எண் அல்ல. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியர்-மணியை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் சார்ஜ் எத்தனை சதவீதம் என்பதை ஓய்வு வோல்ட்டேஜிலிருந்து கணித்து, அதிலிருந்து முழுக் கொள்ளளவை ஊகிக்கும். எல்.எஃப்.பி.யில் 30 முதல் 80 சதவீதம் வரை வோல்ட்டேஜ் ஏறக்குறைய படுத்தே கிடக்கும் என்பதால், நடுவிலேயே சார்ஜ் ஏற்றி இறக்கும் வண்டியில் இந்தக் கணிப்பு தடுமாறும். மலிவான பி.எம்.எஸ்.களில் சுழற்சிகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவதும் உண்டு. அதில் அளவீடே இல்லை.

15 சதவீதத்துக்குக் கீழே ஓட்டி, ஒரு மணி நேரம் நிறுத்தி, இடையில் பிடுங்காமல் முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி ஒரு மணி நேரம் விட்டால், அளந்து சொல்லும் பி.எம்.எஸ். தன் எண்ணைத் திருத்திக்கொள்ளும். சில தடவை செய்தும் எண் திருந்தாமல் முன்போலவே சீராக இறங்கிக்கொண்டே இருந்தால் சுழற்சி எண்ணும் வகை என்று சந்தேகிக்கலாம்.

ஐபோன்ல 88%னு இருக்கு, ஆனா குளிர்ல திடீர்னு ஆஃப் ஆகுது. அதுவும் இதே விஷயமா?

இதே விஷயம்தான். அந்தச் சதவீதம் கொள்ளளவு. திடீரென்று அணைவது, செயலி ஒரு கணம் அதிக மின்னோட்டம் கேட்கும்போது வோல்ட்டேஜ் எல்லைக்குக் கீழே விழுவதால். குளிரில் மின்தடை ஏறும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். 2018இல் வந்த iOS 11.3 முதல் ஆப்பிள் இவற்றைத் தனித்தனியாகக் காட்டத் தொடங்கியது: `Maximum Capacity` கொள்ளளவு, `Peak Performance Capability` அந்த உச்ச மின்னோட்டத்தைத் தாங்குமா என்பது. ஸ்கூட்டர் ஆப்புகளிலும் இரண்டாவது வரி வந்தால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

ரெண்டையும் கூட்டி சராசரி எடுத்து ஒரே நம்பரா சொல்லக் கூடாதா?

கூடாது. கொள்ளளவு 10%, மின்தடை 83% என்று நிற்கும் நம் முதல் பேக்குக்குச் சராசரி ஏறத்தாழ 47 வரும். அந்த எண்ணை நம்பி இன்னும் பாதி ஆயுள் இருக்கிறது என்று ஒருவர் வாங்கினால் ஏமாந்துபோவார். ஒரே எண்தான் வேண்டுமென்றால் இரண்டையும் பொதுவான அளவுகோலுக்கு மாற்றிக்கொண்டு, அவற்றில் சிறியதைச் சொல்லுங்கள். எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் பேக்கின் ஆயுள். கூடவே எது சிறியது என்பதையும் எழுதுங்கள். பழுது பார்ப்பவருக்கு அதுதான் தேவை.

பழைய பேக் வாங்கி வீட்டு சோலாருக்குப் போடலாம்னு பார்க்கறேன். எத நம்பறது?

வீட்டுச் சேமிப்பில் மின்னோட்டம் குறைவு. மாலையில் 300 வாட் இழுத்தால் 51 வோல்ட் பேக்குக்கு அது 6 ஆம்பியர்தான், நாம் கொள்ளளவு அளந்த அதே மின்னோட்டம். மின்தடை 84 ஆனாலும் 120 ஆனாலும் பெரிதாகப் பாதிக்காது. அங்கே ஆம்பியர்-மணியைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார், மிக்ஸி போன்றவற்றை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதாக இருந்தால் மட்டும் மின்தடையையும் கணக்கில் எடுங்கள். ஆனால் மின்தடை கூடியதற்குக் காரணம் இணைப்பா, உப்பிய செல்லா என்று பார்க்காமல் எந்தப் பேக்கையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தினமும் மேடேறும் ஸ்கூட்டருக்கு வாங்குகிறீர்கள் என்றால் நிலைமை மாறும். கொள்ளளவு 88, மின்தடை புதிதைப்போல 1.1 மடங்கு உள்ள பேக், கொள்ளளவு 95, மின்தடை 1.7 மடங்கு உள்ள பேக்கைவிட நன்றாக ஓடும்.

வாரண்டில கேட்டா எந்த நம்பர் எடுபடும்?

பெரும்பாலும் கொள்ளளவு மட்டும். மின்கார்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்பதுபோன்ற வாசகம் பரவலாக உண்டு. அந்த 70 கொள்ளளவைக் குறிப்பது. மின்தடை ஏறி வண்டி இழுக்கவில்லை என்றால் எஸ்.ஓ.எச். என்று வாதாடாமல், ‘இவ்வளவு சார்ஜ் இருக்கும்போதே லோடில் நின்றுவிடுகிறது’ என்று பழுதாகப் பதிவு செய்யுங்கள். அந்த நேரத்துச் சார்ஜ் சதவீதம், பேக் வோல்ட்டேஜ், ஆப் காட்டினால் செல் வோல்ட்டேஜ்கள் இவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து இணையுங்கள்.

2023இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதிமுறை, ஸ்கூட்டர் போன்ற இலகு வாகன பேட்டரிகளின் நிலையைச் சொல்ல மீதமுள்ள கொள்ளளவையும் ஓமிக் மின்தடையையும் தனித்தனி அளவீடுகளாகப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் வாரண்டித் தாளில் எஸ்.ஓ.எச். என்று மட்டும் இருந்தால், எதை வைத்து, எந்த மின்னோட்டத்தில், எந்த வெப்பநிலையில் அளப்பார்கள் என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.